வாடகை பாக்கியைத் தவணையில் கட்ட எழுத்தில் ஒப்புதல் கேட்பது எப்படி?

மூன்று மாத வாடகை பாக்கி. தவணையில் தருகிறேன் என்றேன், வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சரி என்றார். எழுத்தில் எப்படிக் கேட்பது?

முதலில் பாக்கித் தொகையை அவருடைய கணக்கோடு ஒத்துப் பாருங்கள். எழுதிக் கொடுத்தபின் அது நீங்களே ஒப்புக்கொண்ட கடன். அப்புறம் சின்னதாக ஒரு கடிதம் போதும்:

“பாக்கி மூன்று மாத வாடகை. வரும் மாதம் முதல் 5-ஆம் தேதிக்குள் அந்த மாத வாடகையோடு அரை மாத வாடகையும் சேர்த்துத் தருகிறேன், 6 மாதத்தில் தீரும். தவணை தவறாதவரை இந்தப் பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லமாட்டீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்.”

பணம் அனுப்பும்போது எது நடப்பு வாடகை, எது பாக்கி என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் முழுவதையும் பழைய பாக்கியில் வரவு வைத்துவிட்டு, இந்த மாத வாடகை வரவில்லை என்று அவர் சொல்ல இடமுண்டு.