லபீதின் கூடாரத் தடங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில், முஅல்லகா எனப்படும் புகழ்பெற்ற பழைய அரபு நெடுங்கவிதைகளுள் லபீத் பாடியதை மனப்பாடம் செய்தேன். இப்போது ஆங்கில இலக்கியம் முதுகலை படிக்கிறேன். அக்கவிதையின் பைத் எனப்படும் செய்யுள் வரிகளில் முதல் பதினொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் பேராசிரியர் வாசித்துவிட்டு, "பாழடைந்த இடத்தைப் பார்த்து ஒருவன் வருந்துகிறான், அவ்வளவுதானே? இதையே ஏன் எல்லா அரபுக் கவிஞர்களும் செய்கிறார்கள்?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வாசகருக்குத் தெரியாத இடப்பெயர்களை எடுத்துவிட்டால் கவிதை இன்னும் தெளிவாகுமோ என்றும் தோன்றுகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் மொழிபெயர்ப்பை மூலத்துடன் வைத்து வாசித்தேன். பேராசிரியருக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம் அதன் முதல் வரியிலேயே இருக்கிறது. குடியிருந்தவர்கள் போன இடத்தில் எஞ்சிய தடங்களைக் குறிக்கும் 'அத்லால்' என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் 'ரூயின்ஸ்' என்ற சொல்லை அங்கே வைத்திருக்கிறீர்கள். ஆங்கில வாசகர் அந்தச் சொல்லைக் கேட்டதும் இடிந்த சுவரையும் சரிந்த தூணையும் கொடி படர்ந்த கோபுரத்தையும் நினைத்துக்கொள்வார். லபீத் நிற்கும் இடத்தில் சுவரே இருந்ததில்லை. அங்கே இருந்தவை கூடாரங்கள். அவற்றைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சியிருப்பவை தரையில் பதிந்த அடையாளங்கள் மட்டுமே: கால்நடைகளின் சாணமும் சாம்பலும் கலந்து கறுத்துப்போன மண், கூடாரத்துக்குள் மழைநீர் புகாமல் இருக்கச் சுற்றிலும் வெட்டிய சிறு வாய்க்கால், கூடாரத்தின் இடுக்குகளை அடைக்கச் செருகிய துமாம் புல். பதினோராவது பைத்தில் லபீத் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அந்த வாய்க்காலையும் புல்லையும்தான். அந்தப் பைத்தைத் தாங்கள் 'எல்லாம் அழிந்து கிடக்கிறது' என்று பொதுப்படச் சுருக்கியிருக்கிறீர்கள். அதனால் பார்க்க ஒன்றும் இல்லாமல், வருத்தம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த மரபு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒன்பதாம் நூற்றாண்டின் விமர்சகர் இப்னு குதைபா தரும் விளக்கம் இன்றும் பயன்படுவது. கூடாரவாசிகள் ஊரில் வாழ்பவர்களைப் போல ஓரிடத்தில் இருப்பவர்கள் அல்லர். தண்ணீரும் மேய்ச்சலும் தேடி இடம்பெயர்ந்துகொண்டே இருப்பவர்கள். ஆகவே கவிஞன் முதலில் பழைய குடியிருப்பைக் குறிப்பிட்டு, தோழர்களை நிற்கச் சொல்லி, அங்கிருந்து போனவர்களை நினைக்கிறான். அதிலிருந்து காதலைப் பேசிக் கேட்பவர்களின் மனத்தைத் தன் பக்கம் திருப்புகிறான். பிறகு பயணத்துக்கும், இறுதியாகத் தான் சொல்ல வந்த செய்திக்கும் செல்கிறான் என்பது அவர் கூற்று. இந்தத் தொடக்கப் பகுதிக்கு 'நஸீப்' என்று பெயர். இதன் பின்னணியில் உள்ள வாழ்க்கை மிக எளியது. மழைக்குப் பின் புல் முளைத்திருக்கும் காலத்தில் வெவ்வேறு குலத்தினர் அடுத்தடுத்துக் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். புல் காய்ந்ததும் அவரவர் கிணறுகளைத் தேடிப் பிரிந்துவிடுவார்கள். அந்தச் சில மாதங்களில் ஒருவன் வேற்றுக் குலத்துப் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்திருந்தால், பின்னர் அவ்வழியே வரும்போது அவன் காணக்கூடியது அவள் கூடாரம் இருந்த இடத்தின் தடத்தை மட்டுமே. இன்னொரு முஅல்லகாவில் ஸுஹைர் இருபது ஆண்டுகள் கழித்து அப்படி வந்து நின்று, புகை படிந்து கறுத்த அடுப்புக் கற்களையும் உடையாமல் கிடக்கும் வாய்க்காலையும் கொண்டு சிரமப்பட்டு அந்த இடத்தை அடையாளம் கண்டுகொள்கிறார்.

லபீதுக்கு முந்திய கவிஞர் இம்ருல் கைஸின் காலத்திலேயே இது பழகிப்போன மரபு. 'இப்னு கிதாம் அழுதது போல நாமும் இந்தக் குடியிருப்புகளுக்காக அழுவோம்' என்று அவர் பெயரால் வழங்கும் ஒரு பைத் சொல்கிறது. ஆகவே கேட்பவர்கள் யாரும் கவிஞன் தடத்தின் முன் நிற்பதைக் கண்டு வியக்கப்போவதில்லை. இந்தக் கவிஞன் எந்தத் தடத்தைப் பார்க்கிறான், அதை என்னவாகப் பார்க்கிறான் என்பதற்காகத்தான் காத்திருப்பார்கள். பேராசிரியரின் கேள்விக்கு விடை இங்கேதான் உள்ளது: நிற்பது எல்லோருக்கும் பொது, பார்வை அவரவருடையது. லபீதின் பார்வை என்ன என்பதை ஆங்கிலத்தில் தெரியச் செய்வதே தங்கள் வேலை.

முதல் பைத்தை எடுத்துக்கொள்வோம். 'அஃபதித் தியாரு மஹல்லுஹா ஃபமுகாமுஹா.' முதலில் வருவது வினை: அழிந்தன, அதுவும் எழுத்து அழிவதைப் போலத் தேய்ந்து மறைந்தன. பிறகே குடியிருப்புகள். அதன் பிறகு அவற்றுள் இரண்டு வகை: சற்றே இறங்கித் தங்கிய இடம், நெடுநாள் தங்கிய இடம். இந்த இரண்டையும் தாங்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டீர்கள். கவிஞனின் மனம் குறுகிய தங்கலிலிருந்து நீண்ட தங்கலுக்குப் போகும் அந்தச் சிறு நகர்வு அதனால் இல்லாமல் போகிறது. வினையை முதலில் வைக்க வேண்டும் என்பதற்காக 'எஃபேஸ்டு ஆர் தி அபோட்ஸ்' என்று எழுதினால் பழைய வேதாகம நடை வந்துவிடும். நான் செய்வதானால் 'ரப்டு அவுட்' என்ற எளிய வினையை வரியின் தலையில் தனியே நிறுத்தி, அடுத்த வரியில் இடங்களைக் கொண்டுவருவேன். தேய்த்து அழித்தல் என்ற பொருள் அதில் நேராக இருக்கிறது. அது பின்னால் தேவைப்படும்.

இடப்பெயர்களை நீக்க வேண்டாம். மினா, கவ்ல், ரிஜாம், ரய்யான் ஆகிய பெயர்கள் கேட்பவனை ஒரு குறிப்பிட்ட நிலத்தில் கொண்டு நிறுத்துகின்றன; இவற்றை எடுத்துவிட்டால் அந்தத் தடம் எங்கும் இருக்கக்கூடிய ஏதோ ஒரு தடமாகிவிடும். ஆனால் மினாவுக்குத் தாங்கள் எழுதிய அடிக்குறிப்பை மட்டும் எடுத்துவிடுங்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தங்கும் மக்காவின் மினா இதுவன்று. ளரிய்யா மேய்ச்சல் நிலத்தில் உள்ள வேறோர் இடம் என்று உரையாசிரியர் ஸவ்ஸனீ தெளிவாகச் சொல்கிறார். இதே போன்ற இடறல் மூன்றாவது பைத்திலும் உண்டு. 'ஹலாலுஹா வஹராமுஹா' என்பதைத் தாங்கள் 'ஆகுமானதும் விலக்கப்பட்டதும்' என்று பெயர்த்திருக்கிறீர்கள். அங்கே பேச்சு கடந்துபோன ஆண்டுகளைப் பற்றியது. போர் விலக்கப்பட்ட நான்கு புனித மாதங்களும் மற்ற மாதங்களும் மாறி மாறிக் கழிந்தன என்பதே பொருள். மதச் சொல்லாக நமக்குப் பழகியதாலேயே நம் கை தானாக அங்கே போய்விடுகிறது.

இனி லபீதின் பார்வைக்கு வருகிறேன். இரண்டாவது பைத்தில் வெள்ள வாய்க்கால்களின் தடம் தேய்ந்து வெளிப்பட்டிருக்கிறது, பாறைகள் எழுத்தைத் தம்மிடம் வைத்திருப்பதைப் போல. நான்காவதிலும் ஐந்தாவதிலும் மழை. ஆறாவதில் காட்டுச் செடி தழைத்து உயர்கிறது, பள்ளத்தாக்கின் இரு கரைகளிலும் மான்களும் தீக்கோழிகளும் குட்டியும் குஞ்சும் ஈனுகின்றன. மனிதர் போன இடம் பாழாகவில்லை. வேறு உயிர்களால் நிறைந்துவிட்டது. எட்டாவதில் வெள்ளம் தடங்களின் மீதிருந்த மண்ணை விலக்குகிறது. எப்படி? மங்கிய ஏடுகளின் எழுத்தை எழுதுகோல்கள் மறுபடி புதுப்பிப்பதைப் போல. ஒன்பதாவதில் அதுவே பச்சை குத்துகிற பெண் பழைய கோலத்தின் மேல் கரியைத் தூவி மீண்டும் வரைவதாக மாறுகிறது. முதல் வரியில் அழித்தது காலம் என்றால், எட்டாவது வரியில் எழுதுவதும் அதே காலம்தான். அழிக்கிற நீரே துலக்கவும் செய்கிறது. முதல் வினை தேய்த்து அழிப்பதாக இல்லாவிட்டால் இந்த எழுத்தின் தொடர்ச்சி ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரியாது; ஒவ்வோர் உவமையும் தனித்தனி அலங்காரமாக நின்றுவிடும். தங்கள் மொழிபெயர்ப்பில் நேர்ந்திருப்பது அதுதான்.

பத்தாவது பைத்தில் தாங்கள் 'நின்று அழுதேன்' என்று எழுதியிருப்பது இம்ருல் கைஸின் பாதிப்பு என்று நினைக்கிறேன். லபீத் அந்த இடத்தில் அழவில்லை. நின்று அந்தத் தடங்களிடம் கேள்வி கேட்கிறார். கேட்ட மறுகணமே, செவிடாய், என்றுமிருப்பதாய், பேச்சுத் தெளிவில்லாததாய் உள்ள கற்களிடம் நாம் எப்படிக் கேட்பது என்று தம்மையே மறித்துக்கொள்கிறார். அதுவரை எழுத்தாகத் துலங்கிக்கொண்டே வந்த தடம், கேள்வி கேட்டதும் வாய் திறக்க மறுக்கிறது. இந்தக் கண்ணீர் இல்லாத நிலையை அப்படியே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் ஆங்கிலம் நம்மைக் கைவிட்டுவிடும். எல்லா பைத்தும் 'ஆமுஹா' என்ற இயைபில் முடிகிறது. அதன் ஈற்றிலுள்ள 'ஹா' ஒரு சுட்டுப்பெயர். அஃறிணைப் பன்மைக்கும் ஒருமைப் பெண்பாலுக்கும் அரபியில் இந்த ஒரே ஒட்டுதான். தொடக்கத்தில் அது குடியிருப்புகளைச் சுட்டுகிறது. நடுவில் ஆண்டுகளையும் மழைமேகங்களையும் ஏடுகளையும் சுட்டுகிறது. பதினோராவதில் மறுபடி குடியிருப்புக்கு வருகிறது. பதினாறாவது பைத்தில், 'நவாரைப் பற்றி இனி என்ன நினைவு? அவள் தொலைவு போய்விட்டாள், அவளுடைய கயிறுகள் அறுந்துவிட்டன' என்னும்போது, அதே ஒலி அந்தப் பெண்ணைச் சுட்டுகிறது. இடத்தைப் பற்றியே பேசிவந்த நாக்கு, இயைபை மாற்றாமலே அவளிடம் வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் 'தெயர்' என்றும் 'ஹர்' என்றும் பிரித்தே ஆக வேண்டும். ஈடாக நாம் செய்யக்கூடியது, அதுவரை அந்தப் பெண்ணைப் பற்றிய எந்தக் குறிப்பையும் முன்கூட்டி நுழைக்காமல் இருப்பது. தாங்கள் முதல் பைத்திலேயே 'என் காதலியின் கூடாரங்கள்' என்று சேர்த்திருக்கிறீர்கள். மூலத்தில் காதலி இல்லை. பதினாறாவது பைத் வரை அவள் பெயரும் இல்லை.

ஆகவே பதினொன்றில் நிறுத்துவது பொருத்தமில்லை. அதற்குப் பின் சிவிகையேறிப் பெண்கள் புறப்பட்ட காட்சி நான்கு பைத்துகளில் வருகிறது, அதன் பின் நவார், அதன் பின் இருபதாவதில், உறவு தடுமாறுகிறவரிடம் வைத்த ஆசையை அறுத்துவிடு என்ற கட்டளை. அங்கிருந்துதான் பயணத்தால் மெலிந்த பெண் ஒட்டகம் வருகிறது, கவிதை நடக்கத் தொடங்குகிறது. நஸீபை இருபது வரை கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் மறுபடி கொடுங்கள். இது வெறும் புலம்பல் அன்று, அறுத்துக்கொண்டு கிளம்புவதற்கான ஆயத்தம் என்பதை அவர் தாமே வாசித்தறிவார்.

அன்புடன்