பத்து வருடப் பணத்தை எடுத்தால் என்ன குறையும்? பி.எஃப். கேள்வி பதில்

குன்னூர், கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் ஆபீஸ்களில் கூலிப் பதிவேடான செக்ரோலும் பி.எஃப். கணக்கும் எழுதியே என் காலம் போனது. போன ஞாயிறு படிப்பகத்தில் சிலர் பாஸ்புக்கைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து கேட்டவை இவை.

"ஐயா, என் பங்கு மாசம் 1,800 ஏறுது. கம்பெனி பங்குல வெறும் 550. அவங்களும் 12 சதவீதம் போடணும்ல? மீதியை ஃபேக்டரி முழுங்கிடுச்சா?" (கோத்தகிரி, டீ ஃபேக்டரி ஊழியர்)

முழுங்கவில்லை தம்பி. உங்கள் பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 1,250 என்று போட்டிருக்கும். 550-ஐயும் 1,250-ஐயும் கூட்டினால் அதே 1,800. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 வாங்குகிறவருக்கு முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகும், 3.67 மட்டும்தான் உங்கள் சேமிப்பில் சேரும்.

"அப்போ அந்த 1,250-க்கும் வட்டி சேர்ந்து கடைசில மொத்தமா வந்துடும். எங்க மாமாவுக்கு அப்படித்தான் வந்துச்சு." (அதே ஃபேக்டரி, பக்கத்தில் நின்றவர்)

பாதி சரி. மாமா பத்து வருடச் சர்வீஸ் முடிக்காமல் விலகியிருப்பார். அப்படிப்பட்டவர்களுக்குப் பென்ஷன் பங்குக்கு ஈடாக ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும். பத்து வருடம் தாண்டிவிட்டால் அது கையில் வராது, மாதப் பென்ஷனாகத்தான் வரும். மூன்றாவது கட்டத்தில் வட்டி என்று எதுவும் ஏறாது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் பென்ஷன் கணக்கு. 15,000 சம்பளம், 30 வருடம் என்றால் 6,428 ரூபாய். 20 வருடம் தாண்டியவர்களுக்குச் சர்வீஸில் இரண்டு வருடம் கூட்டிப் போடுவார்கள், அப்போது 6,857.

"வட்டி 12 பர்சன்ட்னு சொல்வாங்களே, எனக்கு ஏன் எட்டேகால் காட்டுது?" (குன்னூர், ஓய்வுபெற்ற டிரைவரின் மகன்)

அப்பா சொல்லியிருப்பார். அவர் காலத்தில் அது உண்மைதான். 1990-களில் பி.எஃப். வட்டியே 12 சதவீதமாக இருந்தது, போட்ட பணம் ஆறு வருடத்தில் இரட்டிப்பானது. இப்போது 12 என்பது சந்தா விகிதம் மட்டும். வட்டியை ஒவ்வொரு வருடமும் அறிவிப்பார்கள். 2021-22-ல் 8.1 வரை இறங்கி, 2023-24-லும் 2024-25-லும் 8.25-ல் நின்றது. இந்த விகிதத்தில் இரட்டிப்பாக ஒன்பது வருடம் பிடிக்கும்.

"முதல் வருஷம் 28,200 போட்டிருக்கேன், வட்டி 1,066தான். எட்டேகால்னா 2,300-க்கு மேல வரணுமே?" (அருவங்காடு, புதிதாகச் சேர்ந்தவர்)

இந்தக் கேள்வி கேட்டதற்கே ஒரு டீ வாங்கித் தரலாம். வட்டியை மாதாமாதம் இருக்கும் இருப்பின் மேல் போடுகிறார்கள், வருடக் கடைசியில் சேர்த்து வரவு வைக்கிறார்கள். உங்கள் 1,800-ம் கம்பெனியின் 550-ம் சேர்ந்து ஏப்ரலில் விழுந்த 2,350-க்கு 11 மாத வட்டி, மே மாதத்தில் விழுந்ததற்கு 10, இப்படியே இறங்கி மார்ச்சில் விழுந்ததற்கு ஒன்றுமில்லை. மொத்தம் 66 மாதம். 2,350-ஐ 66-ஆல் பெருக்கி 8.25 சதவீதத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கைப் போட்டுப் பாருங்கள், 1,066 சரியாக வரும். அடுத்த வருடத்திலிருந்து பழைய இருப்பு முழுவதுக்கும் 12 மாத வட்டி.

"பத்து வருஷம் முடிஞ்சுது. வேற எஸ்டேட்டுக்குப் போறேன். இங்க இருக்கிற பணத்தை எடுத்து வீட்டுக்கு ஷீட்டு மாத்திடலாம்னு இருக்கேன். அங்க புதுசா ஆரம்பிச்சா போச்சு, இல்லையா?" (கூடலூர்ப் பக்கம்)

ஷீட்டு மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை ஒழுகும் வீட்டில் நானும் இருந்திருக்கிறேன். விலையை மட்டும் தெரிந்துகொண்டு எடுங்கள்.

கணக்குக்காகச் சம்பளம் 15,000-லேயே நிற்கிறது, வட்டியும் 8.25-லேயே நிற்கிறது என்று வைப்போம். மாதம் 2,350. பத்து வருடத்தில் நீங்களும் கம்பெனியும் போட்டது 2,82,000. இருப்பு 4,29,000 சொச்சம். இருபதில் 13.77 லட்சம். முப்பதில் 34.7 லட்சம். போட்டது மொத்தமே 8.46 லட்சம்தான். கடைசிப் பத்து வருடத்தில் மட்டும் ஏறக்குறைய 21 லட்சம் ஏறுகிறது.

இப்போது அந்த 4,29,000-ஐ எடுத்துவிட்டுப் புதுசாக ஆரம்பித்தால் மீதி இருபது வருடத்தில் 13.77 லட்சம் சேரும். எடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பழைய பணம் மட்டுமே 20.9 லட்சமாக வளர்ந்திருக்கும். அதாவது முப்பது வருடப் பணத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு முதல் பத்து வருடத்துப் பணமும் அது போட்ட குட்டியும்தான். நான் 1990-களில் என் முதல் எட்டு வருடப் பணத்தை எடுத்தேன். மொட்டையாக ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை, பி.எஃப். கிளார்க்காக இருந்த எனக்கே தெரியவில்லை.

ஆகவே முதலில் பழைய கணக்கைப் புதிய எஸ்டேட்டுக்கு மாற்றுங்கள். எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும் உங்கள் பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என். எண்ணைப் புதிய ஆபீஸில் கொடுங்கள், இன்னொன்று போட விடாதீர்கள். சர்வீஸும் தொடரும். ஐந்து வருடம் நிறையாத சர்வீஸில் எடுத்தால் வரி வரும், மாற்றினால் பழைய வருடமும் கூடச் சேரும். கூரைக்குத் தேவையானதை மட்டும் முன்பணமாகக் கேட்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விதி அடிக்கடி மாறுகிறது, எடுக்கிற அன்று இருக்கிறதைப் படியுங்கள்.

"முப்பது வருஷமும் 8.25 இருக்குமா?" (அவரே, விடாமல்)

யாருக்கும் தெரியாது. ஏழாக இறங்கினால் 34.7 லட்சம் 27.5 ஆகும். ஆனால் சம்பளம் முப்பது வருடமும் 15,000-லேயே நிற்காதே, அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

"என் பேரு எஸ்டேட் பதிவுல இனிஷியலோட, ஆதார்ல அப்பா பேரு முழுசா. பிறந்த தேதியும் ஜனவரி ஒண்ணுன்னு போட்டுட்டாங்க. பி.எஃப். பணத்தைப் புது எஸ்டேட்டுக்கு மாத்தப் போனா நிராகரிச்சுட்டாங்க." (கோத்தகிரி, இலை பறிப்பவர்)

நம் பக்கத்தில் பாதிப் பேர் மாட்டுவது இதில்தான் அம்மா. சேர்ந்த அன்று கணக்குப்பிள்ளை குத்துமதிப்பாக எழுதிய தேதி அப்படியே போயிருக்கும். பழைய யு.ஏ.என். எண்ணாக இருந்தால் திருத்தம் முதலாளி வழியாகப் போகவேண்டும். எஸ்டேட் ஆபீஸில் ஆதாரையும் பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்றையும் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள், பணம் மாற்றும் வேலையை அதற்கப்புறம் பாருங்கள். அப்படியே பாஸ்புக்கில் மாதத்தை வரிசையாக எண்ணுங்கள். முந்தின மாதச் சந்தாவை 15-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும். சம்பளத்தில் பிடித்தும் பாஸ்புக்கில் பதிவு விழாத மாதம் இருந்தால் சம்பளச் சீட்டை எடுத்துவையுங்கள், அதுதான் ஆதாரம்.

"நான் கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர். எனக்கும் இதே 3.67 தானா?" (ஊட்டி)

இல்லை டீச்சர், உங்களுடையது வேறு. கம்பெனிக் கணக்கு பேசிக்கொண்டிருக்கிறோம், உங்கள் கேள்வியை உங்கள் ஆபீஸில் கேளுங்கள்.

"நாற்பது வயசுல வேலையை விட்டுட்டேன். மூணு வருஷம் ஆச்சுன்னா வட்டி நின்னுடும்னாங்க." (குன்னூர், முன்னாள் சூப்பர்வைசர்)

அது பழைய கதை. 2016-ல் மாற்றிவிட்டார்கள். நடுவில் வேலையை விட்டவருக்கு 58 வயது வரை வட்டி ஏறும். ஆனால் வேலை பார்க்காத காலத்தில் ஏறுகிற வட்டிக்கு வரி உண்டு என்கிறார் என் பழைய ஆடிட்டர். படிப்பகத்தில் இருந்த இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை, இருவரும் டீ ஆறும் வரை வாதாடினார்கள். அடுத்த ஞாயிறு ஆடிட்டரையே கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.