துணி சுருங்குமா, எவ்வளவு கூடுதலாக வாங்குவது?

கேள்வி: தீபாவளிக்குக் குர்தி தைக்கப் பருத்தித் துணியும் லைனிங்கும் வாங்கப் போகிறேன். தைப்பதற்கு முன் நனைத்துப் போட வேண்டும் என்று அம்மா சொல்கிறார். தேக்காவில் தையல்காரர் "அதெல்லாம் வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி? எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும்?

பதில்:

அம்மா சொல்வதுதான் சரி. தையல்காரர் பொய் சொல்லவில்லை. உடுப்பு அவர் கையை விட்டுப் போகும்போது அளவு சரியாகத்தான் இருக்கும். சுருங்குவது உங்கள் வீட்டு வாஷிங் மெஷினில்.

ஈசூனில் வீட்டிலேயே பதினைந்து வருடமாக அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுக்கிறேன். இதை நான் கற்றது என் சொந்தத் துணியைக் கெடுத்துக்கொண்டுதான். அதைக் கீழே சொல்கிறேன். முதலில் ஏன் சுருங்குகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் கணக்கு தானாக வரும்.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. நெய்யும்போது பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்வார்கள். பிறகு சாயம் போடும்போதும் கஞ்சி போட்டுச் சுருட்டும்போதும் துணி நீளவாக்கிலேயே இழுபட்டுப் போகிறது. தண்ணீர் பட்டதும் அந்த இழுப்பு விட்டுப்போகும். அதோடு பருத்தி நூல் தண்ணீர் குடித்துப் பருக்கும். பருத்த நூலைச் சுற்றி வளைந்து போக எதிர் நூலுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அந்த நீளத்துக்கு அது துணியைத்தான் உள்ளே இழுக்கும். நீளத்தில் அதிகமாகவும் அகலத்தில் குறைவாகவும் சுருங்குவது இதனால்தான். உடுப்பு தளர்ந்துதான் இருக்கும், ஆனால் முழங்காலுக்குக் கீழே இருந்த குர்தி முழங்காலுக்கு ஏறிவிடும்.

இப்போது உங்கள் குர்தியையே கணக்குப் போடுவோம். தைத்து முடித்த நீளம் 42 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன். தோளுக்கு அரை அங்குலம், கீழ் மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் சேர்த்தால் ஒரு பக்கம் 44 அங்குலம். முன்னும் பின்னும் 88. முக்கால் கைக்கு மடிப்போடு 19 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். மொத்தம் 107 அங்குலம், அதாவது 2 மீட்டர் 72 சென்டிமீட்டர். கடையில் "ரெண்டே முக்கால் மீட்டர் போதும்கா" என்பார்கள். வெட்டி அப்படியே தைத்தால் போதும்தான்.

அந்த ரெண்டே முக்கால் மீட்டரை நனைத்து, அது நூற்றுக்கு 5 சுருங்கினால் கையில் நிற்பது 2 மீட்டர் 61. பதினோரு சென்டிமீட்டர் இடிக்கும். முக்கால் கை அரைக் கையாவது இப்படித்தான். நனைக்காமல் தைத்தாலோ 42 அங்குலக் குர்தி 40-க்கு வந்து நிற்கும்.

ஆகவே தேவையான நீளத்தை, சுருங்கிய பிறகு மிஞ்சும் பங்கால் வகுக்க வேண்டும். 5 சதவீதம் என்றால் 272-ஐ 0.95-ஆல் வகுங்கள், 286 சென்டிமீட்டர் வரும். வெட்டிய ஓரம் நூல் பிரிவதற்கும் கடைக்காரர் கோணலாக வெட்டியிருப்பதற்கும் ஒரு 5 சென்டிமீட்டர் போனால்கூட 3 மீட்டர் வாங்கினால் தாராளம். கைத்தறி அல்லது கதர் என்றால் நான் 10 சதவீதம் வைத்துத்தான் கணக்குப் போடுவேன். அப்போது 302 வரும், மூன்றேகால் மீட்டராக வாங்கிவிடுங்கள். ரேயானும் லினனும் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கேயாவது நிற்கும். பாலியெஸ்டர் ஜார்ஜெட், கிரேப் இவற்றுக்குக் கூடுதலே வேண்டாம். தறியிலிருந்து வந்த பிறகு ஆலையிலேயே இயந்திரத்தில் சுருக்கிவிடும் துணியும் உண்டு. சட்டைத் துணியின் கரையில் "Sanforized" என்று அச்சிட்டிருந்தால் அதுதான் இது. அது நூற்றுக்கு ஒன்றுகூட சுருங்காது.

அகலத்தை மட்டும் கூட்டி வாங்க வழியில்லை. 44 அங்குலத்தில் ஓர் அங்குலம் போகலாம். பெரிய இடுப்பளவுக்குக் கீழ் வீச்சு அதிகமாகக் கேட்பவர்கள் 58 அங்குல அகலத்தில் பார்த்து வாங்குவது நல்லது.

சரி, லைனிங். உங்கள் கேள்வியில் இதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். என் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கு எனக்கே ஒரு குர்தி தைத்தேன். மேலே இளமஞ்சள் ஜார்ஜெட், உள்ளே அதே நிறத்தில் பருத்தி லைனிங். ஜார்ஜெட் சுருங்காது என்று தெரியும், அதனால் எதையும் நனைக்கவில்லை. உள்ளே இருக்கும் பருத்தியை மறந்தே போனேன். முதல் துவைப்பில் லைனிங் இரண்டு அங்குலம் மேலே ஏறிவிட்டது, ஜார்ஜெட் அப்படியே நின்றது. கீழ் மடிப்பில் இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்ததால் ஓரம் பலூன் மாதிரி உப்பிக்கொண்டது. கழுத்திலும் அக்குளிலும் தையல் நெடுகச் சுருக்கம் சுருக்கமாக இழுத்தது. இஸ்திரி போட்டால் போகாது, ஏனென்றால் அது கசங்கல் இல்லை, உள்துணி பற்றாக்குறை. கடைசியில் ஓரத்தைப் பிரித்து லைனிங்கைத் தனியாகத் தொங்கவிட்டேன். அக்குளை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆகவே மேல்துணியை நனைக்க முடியாத இடத்தில்கூட லைனிங்கை நனைத்தே ஆக வேண்டும். சேலைக்கு வைக்கும் ஃபால்ஸும் இதே கதைதான். கடையில் கிடைக்கும் பருத்தி ஃபால்ஸை அப்படியே தைத்தால் சேலையின் கீழ் ஓரம் முழுக்க நெளிந்துவிடும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டு எடுக்க எவ்வளவு நேரம் ஆகப் போகிறது?

நனைக்கும் முறை. பிறகு உடுப்பை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ அப்படியே துணியை இப்போது துவைக்க வேண்டும், அவ்வளவுதான். கையால் அலசித்தான் உடுத்துவேன் என்றால் சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசினால் போதும். மெஷினில் போடுவதென்றால் மெஷினிலேயே போடுங்கள். டிரையர் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்கிறேன்: டிரையர் சூட்டிலும் உருட்டலிலும் பருத்தி இன்னும் கொஞ்சம் சுருங்கும். நீங்கள் போடாவிட்டாலும், டிசம்பர் மழையில் துணி காயவில்லை என்று வீட்டில் யாராவது ஒருநாள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தினசரி உடுப்புத் துணியை நான் ஒருமுறை டிரையரில் ஓட்டி எடுத்துவிடுவேன்.

மெஷினில் போடும் முன் வெட்டிய இரண்டு ஓரத்தையும் ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் தையல் போடுங்கள். இல்லையென்றால் நூல் பிரிந்து உருண்டை உருண்டையாகச் சுற்றிக்கொள்ளும், அரை அங்குலம் வீணாகும். துணியை விசிறி மடிப்பாக மடித்து வலைப்பையில் போட்டால் கயிறாக முறுக்காது. அடர்சிவப்பு, கருநீலம் எல்லாம் தனித்தனியாக. சாயம் போகிறதா என்று பார்க்க, நனைந்த துணியின் ஓரத்தை வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், ஏற்கெனவே சாயம் ஏறிய துணியில் அதை நம்ப வேண்டாம். கைக்குட்டை வெளுப்பாக வரும் வரை அலசுவதுதான் வழி.

காயப்போடும்போது மூங்கில் கம்பில் நீளவாக்கில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனம் துணியை மறுபடி இழுத்துவிடும். இரண்டு கம்பில் பரத்திப் போடுங்கள். லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி, அதுவும் அழுத்தி எடுத்து வைத்து அழுத்தி. இழுத்து இழுத்துத் தேய்த்தால் நீங்கள் சுருக்கியதை நீங்களே நீட்டுகிறீர்கள். அடுத்த துவைப்பில் அது மீண்டும் சுருங்கும்.

எவ்வளவு சுருங்கியது என்று தெரிய வேண்டுமா? நனைக்கும் முன் துணியின் நடுவில் நீளவாக்கில் 50 சென்டிமீட்டர் அளந்து இரண்டு முனையிலும் வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள். பேனாக் குறி அழிந்துவிடும். அகலவாக்கிலும் அப்படியே. காய்ந்து இஸ்திரி போட்ட பிறகு அளந்தால் 47.5 வந்தது என்றால் 5 சதவீதம். ரேயானும் பனியன் துணியும் ஒரே துவைப்பில் அடங்காது. அவற்றை இரண்டு முறை துவைத்து, இரண்டாவது முறை அளவு மாறவில்லை என்று பார்த்த பிறகே வெட்டுங்கள்.

எல்லாவற்றையும் நனைக்காதீர்கள். ஜரிகை வைத்த பட்டு, கல், பாசி வேலைப்பாடு செய்தவை, வெல்வெட் இவற்றை எப்படியும் உலர்சலவைக்குத்தான் கொடுக்கப் போகிறீர்கள். தண்ணீரில் போட்டால் சுருக்கத்தைவிடப் பெரிய சேதம் வரும். வேலைப்பாடில்லாத பட்டாக இருந்தால் நீராவி இஸ்திரியைத் தொடாமல் மேலே பிடித்து ஆவி காட்டினால் போதும்.

தீபாவளி நெருங்கினால் லிட்டில் இந்தியா தையல்காரர்கள் வாரக்கணக்கில் முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். நனைத்துக் காய வைக்கும் இரண்டு மூன்று நாளையும் சேர்த்துக் கணக்கிட்டுத் துணி வாங்குங்கள். கொடுக்கும்போது "அண்ணே, துணி, லைனிங் ரெண்டையும் நனைச்சாச்சு" என்று சொல்லிவிடுங்கள். கஞ்சி போன துணி கொஞ்சம் தொய்வாகத் தெரியும், பழைய துணியைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று அவர் நினைக்கலாம்.

நனைக்க நேரமே இல்லை என்றால் கீழ் மடிப்பில் ஒன்றரை அங்குலத்துக்குப் பதில் மூன்றரை அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள், பக்கத் தையலிலும் ஓர் அங்குலம். லைனிங்கைக் கீழ் ஓரத்தோடு சேர்த்துத் தைக்காமல் தனியாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். முதல் துவைப்புக்குப் பிறகு மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். பழைய மடிப்பின் கோடு மட்டும் அடர்நிறத் துணியில் லேசாகத் தெரியும்.