வீட்டில் வரும் கணக்கு தேர்வில் ஏன் வருவதில்லை?

உங்கள் கடிதம் கிடைத்தது, அம்மா. உயர்நிலை 4 படிக்கும் மகள் வீட்டில் கூடுதல் கணிதத்தை நன்றாகப் போடுகிறாள், பள்ளித் தேர்வில் தடுமாறுகிறாள் என்கிறீர்கள். 'நம்ம பிள்ளைகளுக்குக் கணக்கு வராது' என்று உறவினர் சொன்னது அவள் மனத்தில் தங்கிவிட்டதோ என்ற உங்கள் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

தன் குழுவைப் பற்றிய தாழ்வான கருத்தைத் தானே உண்மையாக்கிவிடுவோமோ என்ற பயம் தேர்வில் தடுமாறவைப்பதற்கு உளவியலில் 'ஸ்டீரியோடைப் த்ரெட்' என்று பெயர். 1995இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கடினமான ஆங்கில மொழித்திறன் கேள்விகளைக் கொடுத்தார்கள். சிலரிடம் இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு என்றார்கள். மற்றவர்களிடம் கேள்விகளுக்கு எப்படி விடை தேடுகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு என்றார்கள். வினாத்தாள் ஒன்றுதான். முதல் வகையில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் வெள்ளையரைவிடக் குறைந்தது. இரண்டாம் வகையில் அந்த இடைவெளி பெரிதும் சுருங்கியது. இன்னொரு சோதனையில், தேர்வுக்கு முன் இனத்தைக் குறிக்கச் சொன்னதே கறுப்பின மாணவர்களைப் பாதித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர்களின் முந்தைய நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்த பிறகு வந்த ஒப்பீடு இது. குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு முழுவதும் பயத்தால்தான் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. 'நான் தவறினால் எல்லாரையும் பற்றிச் சொன்னது உண்மையாகிவிடுமே' என்ற எண்ணம், கணக்கின் படிகளை மனத்தில் பிடித்துவைக்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதே ஆய்வாளர்கள் தரும் முக்கிய விளக்கம். அதனால் பாதிப்பு எளிய கேள்விகளைவிடக் கடினமானவற்றில்தான் தெரியும் என்பது எதிர்பார்ப்பு.

பிற்கால ஆய்வுகள் இந்த விளைவை அவ்வளவு உறுதியாகக் காட்டவில்லை. 2018இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், பெண்களுக்குக் கணக்கு வராது என்ற கருத்து பாதிக்கிறதா என்று பார்க்க, சுமார் 2,000 உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கணிதத்தில் சோதித்தார்கள். மாணவிகளிடம் இந்த விளைவு தென்படவில்லை. ஆகவே உறவினர் பேச்சுதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

முதலில் இதைச் செய்து பாருங்கள். அவள் பார்த்திராத பழைய தேர்வுத்தாள் ஒன்றை, குறிப்பேடு இல்லாமல், கடிகாரம் வைத்து வீட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் சறுக்கிய அதே வகைக் கேள்விகள், உதாரணமாக திரிகோணமிதி நிரூபணங்கள், இங்கும் தவறினால் அது பாடத்தில் உள்ள இடைவெளி. துணைப்பாட ஆசிரியரிடம் அந்தத் தாளையே காட்டுங்கள். வீட்டில் நேரத்துக்குள் சரியாக வந்து பள்ளியில் மட்டும் தவறினால், தேர்வுப் பதற்றம் என்று சந்தேகிக்கலாம். அதிலும் உறவினர் பேச்சின் பங்கு எவ்வளவு என்பதை மதிப்பெண் சொல்லாது. அவளிடமே கேட்க வேண்டும். 'தேர்வில் மாட்டிக்கொண்டபோது என்ன நினைத்தாய்?' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இனத்தையோ பெண் என்பதையோ அவளாகவே குறிப்பிட்டால், பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியா, தொடக்கக் கல்லூரியா என்ற பேச்சை இந்தத் தாள் திருத்தி முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.