கணவரின் மறதி

"கணவருக்கு ஏடிஹெச்டி என்ற கவனக்குறைபாடு. மாலையில் குழந்தைக்குத் தடுப்பூசி என்று காலையிலேயே சொன்னேன், மறந்துவிட்டார். நான் சொல்வது அவருக்கு முக்கியமே இல்லையா?"

இந்த மறதியை வைத்து அக்கறையை அளக்க முடியாது. ஆனால் உங்கள் வலி நிஜம். சண்டையில்லாத நேரத்தில் அதை அவரிடம் சொல்லுங்கள்.

காலையில் கேட்டது அவருக்குள் இருக்கிறது. மாலை 5 மணிக்கு அது தானாக எழும்பி வருவதில்லை. நீங்கள் கேட்டதும் "ஐயோ, ஆமாம்!" என்கிறார் என்றால் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு வாரம் ஒரே ஒரு வேலையில் சோதித்துப் பாருங்கள். பேச்சு முடியும் முன்பே, கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அவரே போனில் அலாரம் வைக்கட்டும். நீங்கள் நினைவூட்டாதீர்கள், அம்மாவைப் போல அவருக்காக நினைவு வைத்திருப்பதுதான் உங்களைக் களைக்க வைக்கிறது. தடுப்பூசி போன்றவற்றில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

மறதி சமீபத்தில்தான் கூடியது என்றால் தூக்கக்குறைவோ மனச்சோர்வோ இருக்கலாம். அப்போது அலாரம் போதாது, மருத்துவரிடம் சொல்லுங்கள்.