ஆர்டர் போட்ட பின், பெட்டி கிளம்பும் முன்: மாற்றமும் ரத்தும் கேட்பவர்களை எப்படிக் கையாள்வது?

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து சொந்த வலைத்தளம் வைத்து மாம்பழம் விற்கிறேன், WooCommerce தான். பணம் கட்டி முடித்த பிறகு முகவரியை மாற்றுங்கள், ரகத்தை மாற்றுங்கள், வேண்டாம் ரத்து செய்யுங்கள் என்று தினமும் நாலைந்து அழைப்புகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் சரி சொன்னால் பேக்கிங்கில் குழப்பம். முடியாது என்றால் கோபம். எந்த நேரம் வரை ஒப்புக்கொள்ளலாம்?

பதில்:

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோட்டப் பழத்தையும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பழத்தையும் ஐந்து பருவங்களாக இப்படித்தான் அனுப்பி வருகிறேன். முதல் இரண்டு பருவங்களில் நான் செய்த தவறு, எல்லாக் கோரிக்கைகளுக்கும் சேர்த்து ஒரே கெடு வைத்ததுதான். ரகத்தை மாற்றுவதும், முகவரியை மாற்றுவதும், ரத்து செய்வதும் நம் வேலையில் வெவ்வேறு இடங்களைத் தொடுகின்றன. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு வேண்டும். அந்தக் கெடுவைக் கணினியில் தெரியும் நிலையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. பழமும் பெட்டியும் அந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் நடைமுறையைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை போகும் பெட்டிகளுக்கான பழத்தை அன்று காலை ஆறு மணிக்கு வைக்கோலிலிருந்து பிரித்தெடுக்கிறோம். பயண நாட்களைக் கணக்கிட்டு, சென்னைக்குப் போவது ஒரு பதம், தூரத்து ஊருக்குப் போவது இன்னும் சற்றுக் காயாக என்று அண்ணி கைபார்த்து எடுப்பார். ஆகவே ரகம், எடை தொடர்பான மாற்றத்துக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணிதான் கெடு. முகவரி அப்படியல்ல, பகல் ஒரு மணிக்குக் கூரியர் லேபிள் அச்சிடும் வரை அதை மாற்றுவதால் எனக்கு எந்தச் செலவும் இல்லை. தொலைவு மிகவும் மாறினால் மட்டும் அண்ணியிடம் சொல்லிப் பழத்தை மாற்றி எடுக்க வேண்டியிருக்கும். ரத்துக்கோ, நாலு மணிக்கு வண்டியில் பெட்டி ஏறும் வரை இடம் உண்டு, ஏனென்றால் கட்டிய பெட்டியை அதே ரகம் கேட்ட வேறொருவருக்குத் திருப்பிவிட முடியும். வாடிக்கையாளரிடம் இந்த மூன்று நேரங்களையும் காரணத்தோடு சொல்லிவிட்டால், மறுப்பதற்கான சங்கடம் பெரும்பாலும் இருப்பதில்லை.

கோரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை கணினியில் இல்லை, பேக்கிங் மேசையில் இருக்கிறது. அந்த ஆர்டரின் சீட்டை எடுத்துச் சிவப்பு கிளிப் போட்டுத் தனித் தட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி கட்டியாகியிருந்தால் பெட்டியின் மீதே சிவப்பு கிளிப் போட வேண்டும். இதை நான் சொந்த இழப்பில் கற்றேன். ஒருமுறை ஒருவர் ரத்து கேட்டார். நானும் ஓசூரில் இருந்தபடியே செல்பேசியில் ஆர்டரை ரத்து செய்து பணத்தையும் திருப்பிவிட்டேன். ஆனால் லேபிள் ஒட்டிய பெட்டி வாசலில் மற்ற பெட்டிகளோடு அடுக்கப்பட்டிருந்தது. கூரியர் பையன் லேபிளைப் பார்ப்பானே தவிர என் தளத்தைப் பார்க்கமாட்டான். பணமும் போயிற்று, பழமும் போயிற்று.

இனி கணினிப் பக்கம். பணம் கட்டிய ஆர்டர் Processing நிலையில் இருக்கும். அந்த நிலையில் முகவரியைத் திருத்தலாம், பொருட்களைத் திருத்த முடியாது. பொருள் பட்டியலின் கீழே "This order is no longer editable." என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். நிலையை On hold என்று மாற்றிச் சேமித்தால் திருத்த வழி திறக்கும்; திருத்தி, Recalculate அழுத்தி, மீண்டும் Processing நிலைக்குக் கொண்டுவந்தால் வாடிக்கையாளருக்குப் புதிய விவரத்தோடு இன்னொரு மின்னஞ்சல் தானாகவே போகும். அதையே நான் எழுத்து வடிவ ஒப்புதலாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் மொத்தத் தொகை கூடினால் அந்த வித்தியாசத்தைத் தளம் தானாக வசூலிக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். திங்கள் மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண்மணி ஐந்து கிலோ பங்கனப்பள்ளிப் பெட்டி இரண்டை, பெட்டி 750 ரூபாய் வீதம் 1,500 ரூபாய் கட்டி, வேளச்சேரி முகவரிக்குக் கேட்டிருந்தார். ஏழு மணிக்கு அழைத்து, "அம்மாவுக்கு அனுப்புவதுதான், கோயம்புத்தூர் சிங்காநல்லூருக்குப் போக வேண்டும், ஒரு பெட்டியை மட்டும் இமாம்பசந்தாக மாற்றிக் கொடுங்கள்" என்றார். இமாம்பசந்த் பெட்டி 1,250 ரூபாய்; ஆக 500 ரூபாய் கூடுதல். எட்டு மணிக்குள் வந்த கோரிக்கை என்பதால் ஒப்புக்கொள்ளலாம். சீட்டுக்குக் கிளிப் போட்டு, ஆர்டரை On hold ஆக்கிவிட்டு, வாட்ஸ்அப்பில் புதிய முகவரியைக் கதவு எண்ணிலிருந்து 641005 என்ற பின்கோடு வரை முழுமையாக எழுதி, 500 ரூபாய்க்கான பேமெண்ட் லிங்க்கையும் அனுப்பினேன். இரவு ஒன்பதரைக்குள் பணம் வராவிட்டால் முகவரி மட்டும் மாறும், ரகம் பழையபடியே போகும் என்றும் சேர்த்து எழுதினேன். இந்த ஒரு வாக்கியம் மிகவும் முக்கியமானது. இது இல்லாவிட்டால் பதில் வராத ஆர்டர் On hold நிலையிலேயே மூன்று நாள் கிடக்கும், பழம் காத்திருக்காது. எட்டரைக்குப் பணம் வந்தது. பிறகே பொருளை மாற்றி, அந்த 500 ரூபாயின் பேமெண்ட் எண்ணை ஆர்டர் குறிப்பில் எழுதி, பழைய சீட்டைக் கிழித்துப் புதிய சீட்டு அச்சிட்டேன். பழைய சீட்டில் பேனாவால் அடித்துத் திருத்தவே கூடாது. காலை ஆறு மணிக்கு அரைத்தூக்கத்தில் படிப்பவர் அடித்த வரியைத்தான் முதலில் படிப்பார்.

பேமெண்ட் எண்ணைக் குறிக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆர்டர் இப்போது 2,000 ரூபாய் என்று காட்டும். ஆனால் அதோடு இணைந்த பரிவர்த்தனை 1,500 ரூபாய்தான். பின்னால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டி வந்தால், அந்த ஆர்டர் வழியாக 1,500 ரூபாய்க்கு மேல் போகாது. மீதி 500 ரூபாயை அந்தத் தனிப் பேமெண்டிலிருந்துதான் திருப்ப வேண்டும். இதனால்தான், ஒரு பெட்டி கூடுதலாக மட்டும் வேண்டும் என்பவர்களின் ஆர்டரை நான் திருத்துவதே இல்லை. தளத்தில் புதிதாக இன்னொரு ஆர்டர் போடச் சொல்லி, இரண்டு சீட்டையும் சேர்த்துப் பின் அடித்து ஒன்றாக அனுப்புகிறேன்.

லேபிள் அச்சிட்ட பிறகு முகவரி மாற்றம் கேட்டால், தளத்தில் முகவரியைத் திருத்துவதால் லேபிள் மாறாது. பழைய லேபிளைக் கூரியர் கணக்கில் ரத்து செய்து, புதிய எண்ணோடு மறுபடி எடுக்க வேண்டும்; பழைய லேபிளைப் பெட்டியிலிருந்து உரித்தே ஆக வேண்டும், மேலே ஒட்டினால் ஓரத்தில் தெரியும் பழைய பார்கோடை யாராவது ஸ்கேன் செய்துவிடுவார்கள். பெட்டியைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் ஆர்டர்களில் தொகை மாறினாலும் இதே கதைதான். டெலிவரி செய்பவர் லேபிளில் பதிவான தொகையைத்தான் வாங்குவார். வண்டி வர ஒரு மணி நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்து கொடுக்கிறேன், அதற்கும் குறைவு என்றால் மறுத்துவிடுகிறேன்.

ரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நிலையை Cancelled என்று மாற்றினால் சரக்கு எண்ணிக்கை திரும்பும், பணம் திரும்பாது. Refund பொத்தான் வழியாகச் செல்ல வேண்டும். அங்கும் Refund manually என்பதை அழுத்தினால் கணக்கில் மட்டும் பதிவாகுமே தவிர வாடிக்கையாளருக்குப் பணம் போகாது. இரண்டாவது, அங்கே Restock refunded items என்ற கட்டம் தானாகவே டிக் ஆகியிருக்கும். பழம் இன்னும் வைக்கோலில் இருந்தால் டிக் இருக்கட்டும். பெட்டி கட்டியாகிவிட்டதென்றால் டிக்கை எடுத்துவிடுவேன், ஏனென்றால் செவ்வாய்ப் பயணத்துக்கான பதத்தில் எடுத்த பழத்தைத் தளம் உடனே வேறொருவருக்கு விற்று, அது வியாழக்கிழமை கிளம்பினால் போய்ச் சேரும்போது குழைந்திருக்கும். அன்றைய பட்டியலிலேயே அதே ரகம், அதே தொலைவு உள்ள ஆர்டருக்கு அந்தப் பெட்டியைக் கைமாற்றுவேன். ஆள் கிடைக்காவிட்டால் அது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு.

ரத்துக் கட்டணம் பிடிக்கலாமா என்று அடுத்து நீங்கள் யோசிக்கக்கூடும். நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020-இன்படி, நாமாக ஆர்டரை ரத்து செய்தால் அதே போன்ற கட்டணத்தை நாமும் ஏற்றால் ஒழிய, வாடிக்கையாளரிடம் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது. மழையிலும் காற்றிலும் காய் உதிர்ந்து ஆர்டரை ரத்து செய்யும் நிலை நமக்குத்தான் அடிக்கடி வரும். ஆகவே நான் கட்டணம் பிடிப்பதில்லை. பேமெண்ட் கேட்வே பிடித்த கமிஷன் திரும்பி வராது என்பதை என் செலவாகவே எழுதிக்கொள்கிறேன்.

யார் கேட்கிறார்கள் என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். வேறு எண்ணிலிருந்து "நான் அவர் தம்பி பேசுகிறேன், முகவரியை மாற்றுங்கள்" என்று அழைப்பு வந்தால், மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஆர்டரில் உள்ள எண்ணுக்கு நானே அழைத்துக் கேட்ட பிறகுதான் மாற்றுகிறேன். பணத்தையும் வந்த வழியிலேயே திருப்புகிறேன். "இந்த யூபிஐ எண்ணுக்குப் போட்டுவிடுங்கள்" என்றால் ஒப்புவதில்லை, ஏனென்றால் பிறகு அவரே வங்கியில் புகார் செய்து முதல் பணத்தையும் திரும்பப் பெற்றால் நாம் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். வந்த வழியில் திரும்பும் பணம் போய்ச் சேர ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் ஆகலாம் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் மறுநாள் காலையிலேயே அழைப்பு வரும்.

கடைசியாக, ஆர்டர் வந்ததும் போகும் வாட்ஸ்அப் செய்தியில் நான் எழுதுவது இவ்வளவுதான்: முழு முகவரி, ரகம், எடை, கிளம்பும் நாள், அதன் கீழே "ரகம், எடை மாற்ற முந்தைய நாள் இரவு 8 மணி வரை, முகவரி மாற்ற அன்று பகல் 1 மணி வரை, ரத்து செய்ய அன்று மாலை 4 மணி வரை." இதை அனுப்பத் தொடங்கியதிலிருந்து முகவரித் திருத்தங்கள் பெரும்பாலும் செய்தி போன அரை மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன, அப்போது சீட்டுகூட அச்சாகியிருக்காது.