டி.எஸ்.எச். கூடுதல், ஃப்ரீ டி4 சரி: தைராய்டு மாத்திரை உடனே வேணுமா?

பாளையங்கோட்டை, 34 வயசு: டாக்டரம்மா, டி.எஸ்.எச். 7.4, பக்கத்துல கொட்டை எழுத்துல H போட்டிருக்கு. ஃப்ரீ டி4 1.1. வீட்டுல இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லுதாங்க. காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சு மூணு வாரம் ஆச்சு.

காய்ச்சலைச் சொன்னது நல்லதாப் போச்சு. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன். பெரிய காய்ச்சல் தணிந்து உடம்பு தேறும்போது அது கொஞ்ச நாள் ஏறி, தானே இறங்கும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 உங்களுக்கு அளவுக்குள் இருப்பதால் சுரப்பி வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து மாத்திரை வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே லேபில், காலையில் அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். சாயங்காலம் எடுத்தால் டி.எஸ்.எச். குறைவாகக் காட்டும், ஒப்பிட முடியாது. கூடவே, தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் டி.பி.ஓ. ஆன்டிபாடியும் பார்க்கணும். டி.எஸ்.எச். 4-க்குப் பக்கம் வந்தால் விஷயம் முடிந்தது. 7-லேயே நின்று ஆன்டிபாடியும் இருந்தால், போகப்போக ஏற வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவரணும்.

கடையநல்லூர்: பத்தைத் தாண்டினா மாத்திரை, தாண்டலைன்னா வேண்டாம். அவ்வளவுதானம்மா?

பாதி சரி, தம்பி. திரும்பப் பார்த்தும் 10-க்கு மேலே நின்றால் பெரும்பாலும் ஆரம்பிப்போம். ஆனால் கர்ப்பிணிக்கும், பிள்ளைக்கு முயற்சி பண்ணுகிறவருக்கும் இந்தக் கணக்கு செல்லாது. ஆன்டிபாடி இருந்தால் 4-ஐத் தாண்டினாலே மாத்திரையைப் பற்றிப் பேசுவோம். ஆன்டிபாடி இல்லாமல் 4-க்கும் 10-க்கும் நடுவே இருந்தால் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அதனால் பாளையங்கோட்டைக்காரர் பிள்ளைக்கு முயற்சி பண்ணுகிறார் என்றால் இரண்டு மாதம் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்கணும்.

தென்காசி: எங்கம்மைக்கு 76 வயசு, ரெண்டு தடவையும் 6.8. எப்பவும் அசதி. மாத்திரை குடுத்தா தெம்பு வருமா?

வராது என்றே நினைக்கிறேன். வயது ஏற ஏற டி.எஸ்.எச்.சும் கொஞ்சம் ஏறும். 65-ஐத் தாண்டியவர்களிடம் செய்து 2017-ல் வெளியான டிரஸ்ட் ஆய்வில், மாத்திரை போட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை போட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசமே இல்லை. டோஸ் கூடிவிட்டால் நெஞ்சு படபடக்கும், துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். முதலில் ஹீமோகுளோபினையும் பி12-ஐயும் பாருங்கள்.

அம்பாசமுத்திரம்: நான் ஆறு மாசமா தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் போடுதேன், டி.எஸ்.எச். இறங்கவே இல்ல. அப்போ அந்தப் பாளையங்கோட்டை அக்காவுக்கும் மாத்திரை கேக்காதுல்லா?

அண்ணாச்சி, உங்கள் கேள்வி வேறே. மாத்திரையை எதோடு போடுகிறீர்கள்?

அம்பாசமுத்திரம்: காலைல காப்பியோடதான். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அப்பமே.

இரண்டுமே மருந்தைக் குடலில் ஏறவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடியுங்கள். கால்சியத்தை நாலு மணி நேரம் தள்ளி, ராத்திரிக்கு மாற்றுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அப்படித்தான். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பாருங்கள். அதற்குள் டோஸைக் கூட்டிவிடாதீர்கள்.